லைக்ராவிலும் சாட்டினிலும் கன்சீல் ஜிப் வைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காட்டன் துணியில் கன்சீல் ஜிப் ஒழுங்காக வைக்கத் தெரிந்தவர்கள்கூட, லைக்ராவோ சாட்டினோ கைக்கு வந்ததும் தடுமாறுகிறார்கள். பெரும்பாலும் கைப்பழக்கத்தில் குறை இருப்பதில்லை. ஜிப்பின் பட்டை இழுத்தாலும் நீளாது, தள்ளினாலும் சுருங்காது. அதோடு சேர்த்துத் தைக்கிற துணியோ இழுத்தால் நீள்கிறது, இல்லையென்றால் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. ஊசிக்கு அடியில் போகும் முன்பே, ஜிப் உட்காரும் அந்த ஒரு இன்ச் துணியை ஜிப் பட்டையைப் போலவே அசையாததாக ஆக்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது. என்னிடம் தையல் கற்க வருபவர்களும், தைத்ததைப் பிரித்துக் கையில் எடுத்துக்கொண்டு வருபவர்களும் கேட்கிற கேள்விகள் இவை.

"கன்சீல் ஜிப், சாதா ஜிப், மெட்டல் ஜிப்னு இருக்கு. என் துணிக்கு எதை வாங்குறது?"

கன்சீல் ஜிப்பைத் திருப்பிப் பாருங்கள். அதன் பற்கள் பின்பக்கம் இருக்கும். முன்பக்கம் பட்டை மடங்கி பற்களை மூடிக்கொள்வதால், மூடிய பிறகு வெளியே ஒரு தையல் கோடும் மேலே சின்ன நீர்த்துளி வடிவப் பிடியும் மட்டுமே தெரியும். ஃப்ராக், கவுன், ஸ்கர்ட், போட் நெக் பிளவுஸ் போன்றவற்றில், மெல்லிய துணியோ நடுத்தரத் துணியோ இருந்தால் இதுதான் அழகு.

ஆனால் அந்தப் பற்கள் மெல்லிய நைலான் சுருள். பக்கவாட்டில் பலமாக இழுபடும் இடத்தில் அது வாய் திறந்துவிடும். மூச்சுப் பிடித்து மாட்டுகிற அளவுக்கு இறுக்கமான கனத்த பட்டுப் பிளவுஸுக்கும், ஜரிகை வேலை நிறைந்த லெஹங்காவின் இடுப்புக்கும் சாதா நைலான் ஜிப்பை வைத்து, அதன் மேல் துணி மடிப்பு ஒன்று மூடுகிற மாதிரி தைப்பது நல்லது. அதைத் தைக்கவும் சுலபம், பழுதானால் மாற்றவும் சுலபம். வெல்வெட் போன்ற தடித்த துணியிலும் கன்சீல் ஜிப்பைத் தவிர்த்துவிடுங்கள். மடிப்புக்குள் துணியின் ரோமம் சிக்கிக்கொண்டே இருக்கும்.

மெட்டல் ஜிப் ஜீன்ஸுக்கு. தடித்த பிளாஸ்டிக் பல் வைத்த ஜிப் ஜாக்கெட்டுக்கு. முன்பக்கம் முழுவதும் இரண்டாகப் பிரிய வேண்டும் என்றால், கடையில் 'ஓபன் எண்ட்' என்று சொல்லிக் கேளுங்கள். கன்சீல் ஜிப் வழக்கமாக அடியில் மூடியே வரும்.

"லைக்ரா துணிதான் இழுபடுதே, ஜிப் இல்லாமலே போட முடியாதா?"

பல நேரம் முடியும். ஜிப் வாங்கும் முன் இதைச் சோதித்துவிடுங்கள், ஒரு நாள் வேலை மிச்சமாகலாம். துணியின் அகலவாட்டில் 4 இன்ச் குறித்து, வலிக்காமல் எவ்வளவு இழுபடுகிறது என்று ஸ்கேலில் பாருங்கள்.

உடையின் இடுப்பு 30 இன்ச், போடுகிறவரின் ஹிப் 38 இன்ச் என்று வைத்துக்கொள்வோம். 4 இன்ச் துணி 6 இன்ச்வரை இழுபட்டால், அந்த 30 இன்ச் இடுப்பு 45வரை விரியும். தாராளமாக உள்ளே போகலாம், ஜிப் வேண்டாம். 4 இன்ச் 5 இன்ச்வரைதான் வருகிறது என்றால் 30 இன்ச் இடுப்பு 37½ மட்டுமே விரியும். 38 இன்ச் ஹிப் அதில் நுழையாது. தலைவழியாகப் போடுவதாக இருந்தால் தோளையும் கைகளையும் சேர்த்துச் சுற்றளவு எடுத்து, அதோடு ஒப்பிடுங்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உள்ளே இழுபடாத லைனிங் கொடுத்தால் மேல்துணி எவ்வளவு இழுபட்டும் பயனில்லை, ஜிப் கட்டாயம். துணி இழுபட்டாலும் இடுப்புத் தையலின் நூல் இழுபடாது, நேர்த்தையல் என்றால் மாட்டும்போதே பட்டென்று அறுந்துவிடும். அங்கே நெருக்கமான சின்ன ஜிக்ஜாக் போடுங்கள், அல்லது ஓவர்லாக்கில் தையுங்கள்.

"கடையில எதைப் பார்த்து வாங்கணும்? எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கு."

பட்டையைத் தொட்டுப் பாருங்கள். ஒரு வகை நெய்த பட்டை, கொஞ்சம் விறைப்பாக இருக்கும். இன்னொரு வகை பனியன் துணி மாதிரி பின்னப்பட்ட மெல்லிய பட்டை, வலை போன்றது, கையில் மெத்தென்று வளையும். சாட்டின், ஜார்ஜெட், மெல்லிய லைக்ரா எல்லாவற்றுக்கும் இந்த இரண்டாவது வகையைத் தேடி வாங்குங்கள். விறைப்பான பட்டையை மெல்லிய சாட்டினில் வைத்தால் முதுகில் ஒரு குச்சி ஒட்டிக்கொண்டிருப்பது போலத் துணி நிமிர்ந்து நிற்கும். கனமான காட்டன் லைக்ராவுக்கு நெய்த பட்டையே போதும்.

நீளத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். திறப்பு எவ்வளவோ அதைவிட 2 இன்ச்சாவது கூடுதலாக எடுங்கள். ஜிப்பை முழுவதும் திறந்தால் ரன்னர் அடியில் போய் உட்கார்ந்துவிடும், மெஷின் ஃபுட்டால் அதைத் தாண்டித் தைக்க முடியாது. அதனால் கன்சீல் ஜிப்பின் கடைசி ஒன்றேகால் இன்ச் எப்போதும் தைக்கப்படாமலே நிற்கும். மிஞ்சியதை அடியில் வெட்டிக்கொள்ளலாம். பற்களின் குறுக்கே ஏழெட்டு முறை கையால் நெருக்கமாகத் தைத்து ஒரு தடை போட்டு, அதற்கு அரை இன்ச் கீழே வெட்டி, முனையைத் துணித்துண்டால் மூடிவிடுங்கள்.

கடையிலேயே நான்கைந்து முறை ஏற்றி இறக்கிப் பாருங்கள். அப்போதே எங்காவது தயங்குகிற ரன்னர், தைத்த பிறகு நிச்சயம் தயங்கும். நிறம் அச்சாகக் கிடைக்கவில்லையென்றால் துணியைவிட ஒரு சாயல் இருட்டானதை எடுங்கள். வெளிர் நிறம் இடுக்கில் பளிச்சென்று தெரியும்.

"தைச்சு முடிச்சதும் ஜிப் பாம்பு மாதிரி நெளிஞ்சு நிக்குது. எங்க தப்பு பண்ணேன்?"

என்னிடம் அதிகம் வருகிற கேள்வி இதுதான். பிரிப்பதற்கு முன் உடையை மேஜையில் பரப்பி, நெளிந்திருப்பது ஜிப்பா, துணியா என்று பாருங்கள். இரண்டுக்கும் காரணம் நேரெதிர்.

துணி அமைதியாகக் கிடக்க, ஜிப் மட்டும் மேலும் கீழுமாக வளைந்து நின்றால், ஜிப் நீளம், துணி குட்டை என்று அர்த்தம். தைக்கும்போது துணி இழுபட்டிருக்கிறது. 21 இன்ச் துணியைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து 22 இன்ச் பட்டையோடு சேர்த்துத் தைத்திருக்கிறீர்கள். கையை விட்டதும் துணி பழையபடி 21க்குத் திரும்பிவிட்டது. மிச்சமுள்ள ஒரு இன்ச் பட்டைக்குப் போக இடமில்லை, அதனால் நெளிகிறது. லைக்ராவில் வருவது பெரும்பாலும் இதுதான்.

ஜிப் நேராக இருக்க, அதன் இரண்டு பக்கமும் துணி சின்னச் சின்னதாகச் சுருங்கி நின்றால் துணி நீளம், ஜிப் குட்டை. மெஷினில் கீழே இருக்கிற ஃபீட் டாக், துணியைக் கவ்விப் பின்னால் தள்ளுகிறது. மேலே இருக்கிற ஃபுட், ஜிப் பட்டையை அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. கீழ்ப்பக்கம் வேகமாகவும் மேல்பக்கம் மெதுவாகவும் போவதால், அடியில் துணி கொஞ்சம் அதிகமாக உள்ளே போய்விடுகிறது. வழுக்குகிற சாட்டினில் இது அதிகம். கிராஸாக வெட்டிய சாட்டின் என்றால், தைக்க எடுக்கும் முன்பே தன் எடையில் தொங்கி நீண்டிருக்கும். இதே சுருக்கம் நூல் இறுக்கத்தாலும் வரும். ஜிப் இல்லாத வேறு தையல்களும் சுருங்கியிருந்தால் முதலில் மேல்நூலின் இறுக்கத்தைக் குறையுங்கள்.

இரண்டு பிழைகளுக்கும் மருந்து ஒன்றுதான். துணியின் ஓரத்தை அசையாமல் கட்டிவிட வேண்டும், பட்டையிலும் துணியிலும் ஒரே இடைவெளியில் குறி போட்டு, குறியோடு குறி சேர்த்துத் தைக்க வேண்டும். பழைய கருப்பு மெஷின் என்றால் ஃபுட் கம்பியின் உச்சியில் ஒரு திருகு இருக்கும். அதை இடப்பக்கமாக ஓரிரு சுற்று தளர்த்தினால் ஃபுட்டின் அழுத்தம் குறையும். லைக்ரா தைக்கும்போது நான் அதைத் தளர்த்தாமல் உட்காருவதே இல்லை.

"ஓரத்தைக் கட்டணும்னா ஃப்யூசிங் ஒட்டணுமா? எந்த ஃப்யூசிங், எவ்வளவு அகலம்?"

லைக்ராவுக்கு ஃப்யூசிங்தான். மெல்லிய நெய்த ஃப்யூசிங்கை எடுத்து நீளவாட்டில், அதாவது கரைக்கு இணையாக, ஒரு இன்ச் அகலப் பட்டைகளாக வெட்டிக்கொள்ளுங்கள். அகலவாட்டிலோ கிராஸாகவோ வெட்டினால் அதுவே இழுபடும், ஒட்டியும் ஒட்டாததும் ஒன்றுதான். ஓரம் முக்கால் இன்ச் விட்டிருந்தால், பட்டை தையல் கோட்டைத் தாண்டிக் கால் இன்ச் உள்ளே போகும். நீளத்தில் ஜிப் முடிகிற இடத்துக்குக் கீழேயும் ஒரு இன்ச் போகட்டும்.

ஒட்டும்போது இஸ்திரிப் பெட்டியைத் தேய்க்காதீர்கள். தேய்த்தால் லைக்ரா இழுபட்ட நிலையிலேயே ஒட்டிக்கொள்ளும், பிறகு என்ன செய்தாலும் நெளிவு போகாது. பெட்டியைத் தூக்கி வைத்து, பத்து விநாடி அழுத்தி, எடுத்து, அடுத்த இடத்தில் வையுங்கள். ஆறும்வரை துணியை நகர்த்த வேண்டாம். துண்டுத் துணியில் முதலில் ஒட்டிப் பார்த்துவிடுவது நல்லது.

மெல்லிய சாட்டினில் இதே பட்டை உங்களைக் காட்டிக்கொடுத்துவிடும். பட்டையின் விளிம்பு வெளியே ஒரு கோடாகத் தெரியும். ஒரு ரிசப்ஷன் கவுனில் எனக்கு அப்படி நடந்தது. வீட்டு வெளிச்சத்தில் ஒன்றும் தெரியவில்லை, வெயிலில் பிடித்ததும் முதுகில் நேராக இரண்டு கோடு. சாட்டினிலிருந்து ஃப்யூசிங்கைச் சுத்தமாக உரிக்க முடியாது, பின்பாகத்தைப் புதிதாக வெட்ட வேண்டியதாயிற்று. அதிலிருந்து சாட்டினுக்கு லைனிங் துணியின் கரை ஓரத்தைத்தான் பயன்படுத்துகிறேன். கரையை ஒட்டிய அரை இன்ச்சை நீளமாக வெட்டினால் மெல்லிய, ஒரு ஓரத்தில் பிசிறு வராத, கொஞ்சமும் இழுபடாத நாடா ஒன்று சும்மா கிடைக்கிறது. அதைத் துணியின் உள்பக்கம், தையல் கோடு நாடாவின் மேல் விழுகிற மாதிரி வைத்து, பெரிய ஓட்டுத்தையலில் கையால் பிடித்துவிடுங்கள். ஜிப் தையல் அதன் வழியாகப் போய் நிரந்தரமாகப் பிடித்துக்கொள்ளும்.

"சாட்டின் வழுக்கிட்டே போகுது. குண்டூசி குத்தினா ஓட்டை தெரியுது. எப்படிப் பிடிச்சு வைக்கிறது?"

கையால் ஓட்டுத்தையல் போடுங்கள். கால் மணி நேரம் ஆகும், அந்தக் கால் மணி நேரம் பிரித்துத் தைக்கிற இரண்டு மணி நேரத்தை மிச்சப்படுத்தும். மெல்லிய ஊசி, ஒற்றை நூல், அரை இன்ச் நீளத் தையல். இரண்டு மூன்று இன்ச்சுக்கு ஒரு முறை ஒரு தையலைப் பின்னோக்கிப் போட்டு நிறுத்திக்கொண்டால் பட்டை நழுவாது. பட்டு நூல் இருந்தால் இன்னும் நல்லது, உருவும்போது சாட்டினில் தடம் விடாது. குண்டூசி குத்தியே ஆக வேண்டும் என்றால் ஓரத்துக்கு விட்ட துணிக்குள் மட்டும் குத்துங்கள், தையல் கோட்டைத் தாண்ட வேண்டாம்.

தண்ணீரில் கரைகிற இருபக்க டேப் கிடைத்தால் அதையும் பயன்படுத்தலாம், ஆனால் பட்டையின் வெளி ஓரத்தில் மட்டும். ஊசி போகிற வழியில் ஒட்டினால் பசை ஊசியில் சேர்ந்து தையல் தாவும்.

மெஷின் ஊசியையும் மாற்றுங்கள். எதைத் தைத்தாலும் 16 நம்பர் ஊசியே கிடக்கிற மெஷின்களைப் பார்க்கிறேன். சாட்டினுக்கு 9 அல்லது 11 நம்பர் புது ஊசி வேண்டும். முனை மழுங்கியிருந்தால் நூலைக் கொக்கி போட்டு இழுத்து, துணி முழுவதும் ஒரு கோடு ஓடும். லைக்ராவுக்கு 11 நம்பர் பால் பாயிண்ட் ஊசி. அதன் உருண்டை முனை நூலைக் குத்தாமல் ஒதுக்கிவிட்டுப் போகும், அதனால் தையல் தாவாது, ஓட்டையும் விழாது.

"ஆரம்பத்துலேர்ந்து கடைசிவரைக்கும் ஒரு உடையை வெச்சு வரிசையாச் சொல்ல முடியுமா?"

காட்டன் லைக்ராவில், இடுப்பில் தையல் உள்ள ஒரு ஃப்ராக். பின்கழுத்திலிருந்து இடுப்புவரை 15 இன்ச், அதற்குக் கீழே 6 இன்ச், ஆக 21 இன்ச் திறப்பு. 24 இன்ச் ஜிப் வாங்கியிருக்கிறேன். துணியை முதலிலேயே துவைத்துக் காயப்போட்டாகிவிட்டது. பின்பாகங்களை வெட்டி, இடுப்பையும் சேர்த்தாகிவிட்டது. பின் நடுத்தையல் மட்டும் மேலிருந்து அடிவரை திறந்தே கிடக்கிறது. கன்சீல் ஜிப்பில் ஜிப் முதலில், அதற்குக் கீழே உள்ள தையல் அப்புறம். சாதா ஜிப்புக்குப் பழகியவர்கள் இந்த வரிசையில்தான் தவறுகிறார்கள்.

இரண்டு ஓரத்திலும் 22 இன்ச் நீள ஃப்யூசிங் ஒட்டி, ஓரத்தை ஓவர்லாக் போட்டுவிடுகிறேன். அடுத்து, ஓரத்தைப் பேப்பர் பேட்டர்னின் மேல் படுக்க வைத்து அளக்கிறேன். இந்த முறை வலது ஓரம் 21¼ வந்தது. ஓவர்லாக்கில் கால் இன்ச் இழுபட்டிருக்கிறது. அப்படியே விட்டால் இரண்டு பக்கமும் சேராது. ஆவி மட்டும் காட்டி, விரலால் தட்டித் தட்டி 21க்குக் கொண்டுவந்தேன்.

பிறகு குறிகள். ஜிப்பை மூடி வைத்து, மேல் தடையிலிருந்து 3 இன்ச்சுக்கு ஒன்றாக இரண்டு பட்டையிலும் குறுக்கே பென்சில் கோடு போடுகிறேன், மொத்தம் ஏழு. துணியிலும் கழுத்துத் தையல் கோட்டிலிருந்து அதே 3 இன்ச் கணக்கு. ஐந்தாவது குறி சரியாக 15 இன்ச்சில், இடுப்புத் தையலின் மேலேயே வந்து விழுகிறது. அந்தக் குறியைத் தடிமனாகப் போட்டுக்கொள்கிறேன், உடை முழுவதிலும் கண்ணில் படுகிற இடம் அதுதான்.

ஜிப்பை முழுவதும் திறந்து, பின்பக்கம் மேலே தெரியும்படி வைத்து, இஸ்திரிப் பெட்டியை மிகக் குறைந்த சூட்டில் லேசாக ஓட்டுகிறேன். சுருண்டு நிற்கிற பற்கள் நிமிர்ந்து, பட்டைக்கும் பல்லுக்கும் நடுவே உள்ள பள்ளம் தெரிய வேண்டும். சூடு அதிகமானால் நைலான் உருகிவிடும். மூடிய ஜிப்பை இப்படித் தேய்க்கக்கூடாது, மடிப்பு இன்னும் அழுந்திக்கொள்ளும்.

துணியின் நல்ல பக்கம் மேலே. அதன் மேல் ஜிப்பின் நல்ல பக்கத்தைக் கவிழ்த்து, பல் வரிசை சரியாகத் தையல் கோட்டின் மேல் படுக்கும்படி, பட்டை ஓரத்தின் பக்கம் இருக்கும்படி வைத்து, குறியோடு குறி சேர்த்து ஓட்டுத்தையல் போடுகிறேன். இரண்டு பக்கமும் ஓட்டுத்தையல் போட்டு முடித்ததும் ஜிப்பை மூடிப் பார்க்கிறேன். முறுக்கிக்கொண்டிருந்தாலோ இடுப்புத் தையல் ஏறி இறங்கினாலோ இப்போதே தெரிந்துவிடும். திருத்துவதற்கு ஒரு நூலை உருவினால் போதும்.

அப்புறம் மெஷின். கன்சீல் ஃபுட்டின் அடியில் இரண்டு பள்ளம் இருக்கும், பல் வரிசை அதில் ஒன்றுக்குள் ஓடும். தையல் நீளம் இரண்டரை மில்லிமீட்டர். முதல் பக்கமும் மேலிருந்து கீழ், இரண்டாவது பக்கமும் மேலிருந்து கீழ். ஒன்றை இறக்கி மற்றொன்றை ஏற்றித் தைத்தால் துணி எதிரெதிர்ப் பக்கம் நகர்ந்து உடை முறுக்கிக்கொள்ளும். துணியைப் பின்னாலிருந்து இழுக்காதீர்கள். முன்னால் கையால் தாங்கிக்கொண்டால் போதும், உடையின் மீதி எடை மேஜையிலிருந்து தொங்காமல் மடியில் கிடக்கட்டும். ரன்னரை ஃபுட் தொட்டதும் நிறுத்தி, இரண்டு தையல் பின்னோக்கிப் போட்டு முடிச்சு. இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் முடிந்திருக்க வேண்டும்.

கடைசியாக மேல்முனையில் ஒரு சின்ன ஹூக். ஜிப்பை ஏற்றும்போது முழு இழுப்பும் உச்சியில் விழாமல் அது தாங்கிக்கொள்ளும்.

"கன்சீல் ஃபுட் இல்லை. ஒரு பக்க ஃபுட்தான் இருக்கு. முடியுமா?"

முடியும். பெட்டியால் பற்களை நிமிர்த்துவதை மட்டும் விட்டுவிடாதீர்கள், இங்கே எல்லாமே அதில்தான் இருக்கிறது. முதல் முறை பல்லிலிருந்து இரண்டு மூன்று மில்லிமீட்டர் தள்ளி ஒரு தையல் போட்டு, பட்டையை நிலைப்படுத்திக்கொள்ளுங்கள். இரண்டாவது முறை, இடது கை விரல் நுனியால் பல்லைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துக்கொண்டே, அதன் ஓரமாக ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் மெதுவாகத் தையுங்கள். வழுக்குகிற துணியில் ஒரே தடவையில் பல்லோரம் போக முயன்றால் கோடு ஆடும். கன்சீல் ஃபுட் விலை அதிகமில்லை. மாதத்துக்கு இரண்டு கவுன் தைக்கிறவர்கள் வாங்கிவிடலாம், உங்கள் மெஷினுக்குப் பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.

"ரன்னர் இடுப்புத் தையல்கிட்ட வந்ததும் நின்னுடுது. பலமா இழுத்தா பல் விட்டுப்போகுது."

அங்கே துணி பல மடிப்பாக இருக்கிறது. மேல் பாகம், கீழ் பாகம், இரண்டின் ஓரங்கள். அந்தத் தடிப்பில் ஏறும்போது ஃபுட் சாய்ந்து, தையல் பல்லின் மேலேயே ஏறியிருக்கும். உள்ளே திருப்பிப் பாருங்கள், அந்த இடத்தில் மட்டும் தையல் கோடு பல்லை உரசிக்கொண்டு போவது தெரியும்.

இடுப்புக்கு மேலே ஒரு இன்ச், கீழே ஒரு இன்ச் மட்டும் பிரித்து, அரை மில்லிமீட்டர் வெளியே தள்ளித் தையுங்கள். அடுத்த முறை ஜிப் வைக்கும் முன்பே, இடுப்புத் தையலின் ஓரத்தை ஜிப் வருகிற அந்த முக்கால் இன்ச்சுக்குள் மட்டும் ஒட்ட வெட்டி, இரண்டு பக்கமும் விரித்துத் தேய்த்துவிடுங்கள். தடிப்பு குறையும். அந்த இடத்தைக் கடக்கும்போது சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள்.

பல் விட்டுப்போன ஜிப்பை உடனே தூக்கிப் போட வேண்டாம். ரன்னரை அடிவரை மெதுவாக இறக்கி மறுபடி ஏற்றினால் பல நேரம் பற்கள் திரும்பக் கோத்துக்கொள்ளும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விட்டுப்போனால் ஒன்று ரன்னர் தளர்ந்துவிட்டது, இல்லையென்றால் உடை அந்த இடத்தில் இறுக்கம். இறுக்கம் என்றால் புது ஜிப் வைத்தாலும் அதே கதைதான், பக்கத் தையலைப் பிரித்து விட்டுக்கொடுக்க வேண்டும்.

"ஜிப் முடியற இடத்துல ஒரு சின்ன மூக்கு மாதிரி துருத்திட்டு நிக்குது. அதை எப்படி மறைக்கிறது?"

கீழ்த்தையலும் ஜிப் தையலும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை. ஜிப்பை மூடி, மிச்சமுள்ள பட்டை நுனியைத் தையலிலிருந்து விலக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். ஃபுட்டை ஒரு பக்க ஃபுட்டாக மாற்றுங்கள். ஜிப் தையலின் கடைசிக் கண்ணிக்கு அரை இன்ச் மேலிருந்து, அதற்கு ஒரு நூல் அளவு வெளியே ஆரம்பித்து, கீழ்நோக்கித் தையுங்கள். உள்ளே தள்ளி ஆரம்பித்தால் மூக்கு வரும், ரொம்ப வெளியே தள்ளினால் ஓட்டை வரும். லைக்ரா என்றால் ஜிப்புக்குக் கீழே ஒரு இன்ச்சுக்கு நேர்த்தையலும், அதற்குக் கீழே சின்ன ஜிக்ஜாக்கும் போடுங்கள். ஃப்யூசிங் முடிகிற இடத்திலிருந்து துணி மறுபடி இழுபட ஆரம்பிக்கும், தையலும் அதோடு இழுபட வேண்டும்.

பட்டை நுனிகளை இரண்டு பக்கமும் ஓரத்துணியோடு மட்டும் சேர்த்துக் கையால் இரண்டு தையல் போட்டுவிடுங்கள்.

"தைச்சப்ப நல்லாத்தான் இருந்துச்சு. ஒரு தடவை துவைச்சதும் நெளிஞ்சுடுச்சு!"

துணி சுருங்கியிருக்கிறது. இப்போது வருகிற ஜிப் பட்டை பெரும்பாலும் பாலியஸ்டர், தண்ணீரில் சுருங்காது. காட்டன் லைக்ராவும் ரேயானும் முதல் சலவையில் சுருங்கும். 21 இன்ச்சில் அரை இன்ச் சுருங்கினாலே ஜிப் நெளிய அது போதும். ஜிப்பை எடுத்துவிட்டு, துவைத்த துணியின் இப்போதைய நீளத்துக்குப் புதிதாகக் குறி போட்டு வைப்பதைத் தவிர இதற்கு வழியில்லை. துணி வெட்டும் முன், வீட்டில் எப்படித் துவைப்பீர்களோ அப்படியே ஒரு முறை துவைத்துக் காயவைத்துவிடுங்கள்.

கிராஸாக வெட்டிய சாட்டின் ஸ்கர்ட்டில் இதற்கு நேர்மாறாக நடக்கும். ஒரு வாரம் தொங்கவிட்டால் துணி நீண்டு, ஜிப்பின் இரண்டு பக்கமும் பை போலத் தொங்கும். அதனால் ஜிப் வைக்கும் முன் பாகங்களை இடுப்புப் பக்கமாக கிளிப் போட்டு ஒரு ராத்திரி முழுவதும் தொங்கவிடுங்கள். காலையில் எடுத்து மேஜையில் பரப்பி, பேப்பர் பேட்டர்னை வைத்து மறுபடி அளந்து, கீழே நீண்டதை வெட்டிவிட்டு, அதன் பிறகு ஓரத்தில் நாடாவைப் பிடியுங்கள். நாடா பிடித்த பிறகு அந்த ஓரம் நீளாது.